மூன்று பக்க மனுவும் 11 இலக்கங்களும்

தோட்டத்து மனுவுக்கு வழமையான ஓர் உருவம் உண்டு. முதலில் ஐயா அவர்களுக்கு வணக்கம் வரும். அடுத்து, எத்தனை வருடம் இந்த மலையில் உழைத்தோம், கணவர் எப்போது இறந்தார், பிள்ளைகள் எத்தனை, முழங்கால் எப்படி நோகிறது என்று ஒரு பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் எங்கோதான் விஷயம் இருக்கும். கடைசியில் "தயவுகூர்ந்து ஆவன செய்யவும்" என்று முடியும். எழுதிக் கொடுப்பவர் மாஸ்டராக இருந்தாலும் தலைவராக இருந்தாலும் உருவம் மாறுவதில்லை. துரைக்கு எழுதிப் பழகிய கை அரசாங்கக் கந்தோருக்கும் அப்படியேதான் எழுதுகிறது.

ஊவாத் தோட்டமொன்றில் 50 வயது கடந்து வேலையை விட்ட அம்மா ஒருவர் இப்படியொரு மூன்று பக்க மனுவை எம்மிடம் கொண்டுவந்தார். சேமலாப நிதிக்குக் கே படிவம் கொடுத்து, பணமும் வந்துவிட்டது. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கணக்குப் பார்த்தால் 2021 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை 21 மாதங்களுக்குரிய பணம் கணக்கில் இல்லை. சம்பளத் துண்டில் ஒவ்வொரு மாதமும் அவருடைய 8 சதவீதம் வெட்டப்பட்டிருக்கிறது. தோட்டம் போட வேண்டிய 12 சதவீதமும் அதோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். 2024 மார்ச் 12ஆம் திகதி தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்து ஓர் இலக்கமும் பெற்றிருக்கிறார். ஒரு தடவை உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்து போனார் என்று கேள்வி. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு சொல் இல்லை. போய்க் கேட்டால் "விசாரணை நடக்குது, போயிட்டு வாங்க" என்பார்கள். பஸ் காசும் ஒரு நாளும் போகும்.

இன்னொரு மனு எழுதினால் அதே கோப்பில் இன்னொரு தாளாகப் போய் உட்காரும். ஆகவே நாம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்தோம். 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இது. இதன்படி அலுவலகத்தின் கையில் உள்ள ஆவணத்தைக் கேட்கலாம், கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் படிவத்தின் பெயர் RTI 01. ஒரே தாள்தான், 11 இலக்கங்கள். அந்த மூன்று பக்க மனுவை இந்த 11 இலக்கங்களுக்குள் மாற்றி எழுதியபோது எது எங்கே போனது, எது வெளியே நின்றது என்பதை இங்கே விவரமாக எழுதுகிறோம். கிளைத் தலைவர்களும் வீட்டில் படித்த பிள்ளைகளும் இதைப் பார்த்துத் தாங்களே எழுதலாம்.

இலக்கம் 1 பெயர், 2 முகவரி, 3 தொலைபேசி, 4 மின்னஞ்சல். பார்க்க இலேசு. ஆனால் எம்மவரின் விண்ணப்பங்கள் பாதி இங்கேயே சிக்குகின்றன. அந்த அம்மாவுக்கு அடையாள அட்டையில் தகப்பனின் பெயர் முன்னால் இருக்கிறது. செக்ரோலில் கணவரின் முதலெழுத்து. ஓரிடத்தில் லெட்சுமி, இன்னோரிடத்தில் லச்சுமி. இலக்கம் 1இல் அடையாள அட்டையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதினோம். செக்ரோல் பெயரை அங்கே அடைப்புக்குள் திணிக்கவில்லை. அதற்கு இலக்கம் 9 இருக்கிறது.

முகவரியில் லயத்து இலக்கத்தையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினால் கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் போகும். அங்கிருந்து கைமாறி வீட்டுக்கு வர ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். தோட்ட நிருவாகத்தைப் பற்றிய கடிதம் தோட்டக் கந்தோர் வழியாக வருவதை யாரும் விரும்பமாட்டார்கள் என்பது ஒரு புறம். மறுபுறம், பதில் பிடிக்காவிட்டால் மேன்முறையீடு செய்ய 14 நாட்கள்தான் இருக்கின்றன. எனவே பதுளையில் வேலை செய்யும் மகனின் முகவரியை "மேற்பார்த்து" என்று போட்டோம். மின்னஞ்சல் கட்டத்தை வெறுமையாக விட்டோம். "இருந்தால்" என்று படிவமே சொல்கிறது.

இலக்கம் 5தான் மனுவின் இதயம் போய்ச் சேர வேண்டிய இடம். இதற்குள் மூன்று பிரிவுகள் இருக்கின்றன: எந்தப் பகிரங்க அதிகாரசபை, என்ன தகவல், எந்தக் காலப்பகுதி.

மனுவில் அந்த அம்மா மூவரைத் திட்டியிருந்தார். பணம் கட்டாத தோட்டத்தை, விசாரிக்காத தொழில் அலுவலகத்தை, குறைத்துக் கொடுத்த மத்திய வங்கியை. படிவம் ஒன்றில் ஓர் அதிகாரசபைதான் எழுத முடியும். தோட்டக் கம்பனியிடம் இச்சட்டத்தின் கீழ் நேரே கேட்க முடியுமா என்றால், பொதுவாக முடியாது. அரசுக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கோ கட்டுப்படுத்தும் அதிகாரமோ உள்ள கம்பனிதான் இதற்குள் வரும். ஆனால் தோட்டம் அனுப்பிய கடிதமும் படிவமும் அரசாங்க அலுவலகத்தின் கோப்பில் கிடக்கும். அதைக் கேட்கலாம். முறைப்பாட்டுக் கோப்பு தொழில் அலுவலகத்தில். மாதாமாதம் வந்த பணத்தின் பதிவு மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்தில். ஆகவே ஒரு மனு இரண்டு படிவங்களாயிற்று.

அடுத்தது, என்ன தகவல். மனுவில் இருந்த வாசகம் இது: "என்னுடைய காசை இன்னும் ஏன் வாங்கித் தரவில்லை?" இதை அப்படியே எழுதியிருந்தால், "இது தகவல் அல்ல, முறைப்பாடு" என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கும். அப்படிப் பதில் பெற்றவர்கள் எம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஏன் என்ற கேள்விக்குக் கோப்பில் தாள் இராது. என்ன செய்தீர்கள், எந்தத் திகதியில், யாருக்கு எழுதினீர்கள் என்பதற்குத் தாள் இருக்கும், அல்லது இல்லை என்று அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டிவரும். தொழில் அலுவலகத்துக்கான படிவத்தில் நாம் எழுதியது இவ்வளவுதான்:

"கீழே இலக்கம் 9இல் குறிப்பிட்டுள்ள முறைப்பாடு தொடர்பாக, தொழில் உத்தியோகத்தர் தோட்டத்தில் செய்த பரிசோதனையின் அறிக்கை அல்லது குறிப்பு. தோட்ட நிருவாகத்துக்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதங்களும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும். நிலுவையை அறவிட நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டிருந்தால் அதன் இலக்கமும் திகதியும்."

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தோம். கட்டப்படாத சேமலாப நிதியை நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து அறவிடும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. வழக்குப் போடவில்லை என்றால் அதுவும் எமக்குத் தேவையான தகவல்தான்.

மத்திய வங்கிக்கான படிவத்தில் இதைவிடச் சுருக்கம். அந்த 21 மாதங்களில் தோட்டம் அனுப்பிய C படிவத்தில் இந்த அங்கத்தவரின் பெயரும் தொகையும் உள்ள பகுதியின் பிரதி. அந்த மாதங்களுக்கு C படிவம் வரவே இல்லையென்றால் அந்த விபரம்.

இப்போது காலப்பகுதி. படிவத்தின் மிகச் சிறிய இடம் இது. விண்ணப்பம் வீணாவது அதிகமும் இங்கேதான். அந்த அம்மாவின் மகன் முதலில் எழுதிவந்த தாளில் தொழில் அலுவலகத்துக்கும் "2021 ஏப்ரல் – 2022 டிசம்பர்" என்றே இருந்தது. பணம் காணாமற்போன காலம் அதுதானே என்று அவர் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் முறைப்பாடு கொடுத்தது 2024இல். அதற்கு முந்திய காலத்தில் தொழில் அலுவலகத்தில் அந்தக் கோப்பே பிறக்கவில்லை. "குறித்த காலப்பகுதியில் எம்மிடம் ஆவணம் இல்லை" என்று அவர்கள் பதில் அனுப்பினால் அது பொய்யாகாது. மேன்முறையீட்டிலும் அதே பதில்தான் நிற்கும். எனவே தொழில் அலுவலகத்துக்கு "2024.03.12 முதல் இவ்விண்ணப்பத் திகதி வரை" என்றும், மத்திய வங்கிக்கு "2021 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை" என்றும் எழுதினோம். கேட்கும் ஆவணம் எப்போது எழுதப்பட்டதோ அதுதான் காலப்பகுதி. எமக்கு நட்டம் எப்போது வந்தது என்பது இங்கே கணக்கில்லை.

இலக்கம் 6, எந்த முறையில் தகவல் வேண்டும் என்பது. நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடலாம், உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம், இறுவட்டிலும் கேட்கலாம். நாம் உறுதிப்படுத்திய பிரதியைத் தெரிவுசெய்தோம். பிறகு ஒரு நாள் வழக்கு என்று வந்தால் முத்திரை குத்திய தாள் வேண்டும். கோப்பில் என்ன இருக்கிறதென்றே தெரியாத வேளையில் முதலில் பார்வையிடக் கேட்பதும் நல்லதுதான். ஆனால் அதற்குச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இலக்கம் 7, மொழி. தமிழ் என்று எழுத எம்மவர் தயங்குகிறார்கள். சிங்களத்தில் கேட்டால்தான் வேலை நடக்கும் என்று ஓர் எண்ணம். பதுளை மாவட்டத்தில் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகளென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் பல உண்டு. படிவமோ விரும்பும் மொழி எதுவென்று தானாகவே கேட்கிறது. தமிழ் என்றே எழுதினோம். கோப்பிலுள்ள தாளின் பிரதி அது எழுதப்பட்ட மொழியிலேயே வரக்கூடும் என்பதையும் அந்த அம்மாவுக்குச் சொல்லிவைத்தோம்.

இலக்கம் 8 கேட்கிறது: இந்தத் தகவல் ஒரு பிரசையின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் தொடர்பானதா? "இந்தக் காசுதானே தம்பி என் உயிர், ஆம் என்று போடுங்கள்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னது சரி. ஆனாலும் "இல்லை" என்றே போட்டோம். ஆம் என்றால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும், அலுவலகம் 48 மணித்தியாலத்தில் பதிலளிக்க வேண்டும். ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதபோது கேட்பதற்கான கட்டம் அது. சேமலாப நிதிக்கு அதைப் பாவித்தால் காரணம் போதாது என்று ஆரம்பத்திலேயே ஒரு வாக்குவாதம் தொடங்கும்.

இலக்கம் 9, வேறு விபரங்கள். கோப்பைத் தேடி எடுப்பவருக்கு வேண்டிய எல்லாம் இங்கேதான் வரவேண்டும். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும், தோட்டத்தின் சேமலாப நிதி இலக்கமும் அங்கத்துவ இலக்கமும், செக்ரோல் இலக்கம், செக்ரோலில் உள்ள பெயர். அடையாள அட்டை இலக்கத்தை அந்த அம்மாவின் பழைய அட்டையில் உள்ளபடி ஒன்பது எண்களும் ஆங்கில எழுத்துமாகக் கொடுத்தோம். புதிய 12 எண் அட்டை எடுத்தவர்கள் இரண்டையும் எழுதுவது நல்லது. பழைய பதிவுகள் பழைய இலக்கத்தில்தான் கிடக்கும்.

"அப்ப என் கஷ்டத்தை எங்கே எழுதுறது?" என்று அந்த அம்மா இந்த இடத்தில்தான் கேட்டார். இந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த மூன்று பக்கங்களை நாம் கிழித்துப் போடவில்லை. அவை தொழில் ஆணையாளருக்கு எழுதப்போகும் முறைப்பாட்டுக்கு உரியவை, அங்கே அவற்றுக்கு வேலை இருக்கிறது. ஒரே தாளில் முறைப்பாட்டையும் தகவல் கோரிக்கையையும் கலந்தால் அலுவலகம் தனக்கு வசதியான பாதிக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடும்.

இலக்கம் 10, இணைப்புகள். முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டின் பிரதி, சம்பளத் துண்டுகள் இரண்டின் பிரதி. மூலத்தை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்தால் இன்னொரு தாளும் வேண்டும். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருக்கும் அமைப்பும் இச்சட்டத்தில் விண்ணப்பிக்கலாம், ஆகவே சங்கமும் கேட்கலாம். ஆனால் ஒருவரின் சேமலாப நிதிக் கணக்கு அவருடைய தனிப்பட்ட விபரம். அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாவிட்டால் மறுக்க இடமுண்டு. தனியொருவரின் விடயத்தை அவர் பெயரிலேயே கேட்பதும், முழுத் தோட்டத்துக்கும் பொதுவானதைச் சங்கத்தின் பெயரில் கேட்பதும்தான் எமது வழக்கம்.

கடைசி இலக்கம் 11. விண்ணப்பதாரர் இலங்கைப் பிரசையா? ஆம் அல்லது இல்லை. நாட்டின் வேறு பாகத்தில் இதை யாரும் இரண்டு தரம் வாசிக்கமாட்டார்கள். எமது மூத்தவர்கள் வாசிக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமையைப் பறித்ததும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் வரை தவணை கொடுத்து, 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடம், மணமாகாதவரென்றால் பத்து வருடம், இடைவிடாமல் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டதும் வீட்டுக் கதையாக அவர்களுக்குத் தெரியும். கையில் தாள் இல்லாததால் தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் அந்தக் கதவு திறந்தது. அந்த அம்மா இதற்குச் சான்றிதழ் தேட வேண்டுமோ என்று பயந்தார். படிவம் கேட்பது ஆம், இல்லை மட்டும்தான். "ஆம்" என்று எழுதி, திகதியிட்டு, கையெழுத்து வைத்தார்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். RTI 01 படிவம் கட்டாயமில்லை. சாதாரணக் கடிதத்திலும் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் இறக்குவது தகவல் உத்தியோகத்தரின் கடமை என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. "படிவத்தில் கொண்டு வாருங்கள்" என்று கடிதத்தைத் திருப்பி அனுப்ப எந்தக் கந்தோருக்கும் உரிமை இல்லை. கந்தோர் வாசலில் காசு வாங்கிப் படிவம் நிரப்புகிறவர்களிடம் போகவும் தேவையில்லை. அப்படியிருக்க நாம் ஏன் இந்த 11 இலக்கங்களோடு மல்லுக்கட்டுகிறோம்? அலுவலகம் கேட்கும் ஒழுங்கில் கொடுத்துவிட்டால் "விபரம் போதாது" என்று திருப்பி அனுப்ப அவர்களுக்குச் சாட்டு இல்லாமற்போகிறது என்பதற்காகத்தான். கடிதமாக எழுதினாலும் அதே ஒழுங்கில், இலக்கமிட்டு எழுதச் சொல்கிறோம்.

படிவத்தை நேரில் கையளித்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டு வாங்க வேண்டும். கொடுப்பது அவர்களின் கடமை. தபாலில் என்றால் பதிவுத் தபால், துண்டு பத்திரம். திங்கட்கிழமை கொடுத்தால் மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை 14ஆவது வேலை நாள். இடையில் ஒரு போயா வந்தால் அடுத்த திங்கள். அந்த நாளில் முடிவு வராவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதற்கான படிவம் RTI 10. அவருக்கு மூன்று வாரம். அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழு.

அந்த அம்மாவின் விடயத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. தொழில் அலுவலகத்திலிருந்து மூன்று தாள்கள் வந்தன. உத்தியோகத்தரின் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று, தோட்டத்துக்கு அனுப்பிய கடிதம் ஒன்று, தோட்டத்திடமிருந்து பதில் வரவில்லை, வழக்கு எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை என்ற கடிதம் ஒன்று. "விசாரணை நடக்குது" என்று ஒரு வருடமாகச் சொன்னதன் முழு அளவும் அதுதான். மத்திய வங்கியின் பதிலில், 21 மாதங்களில் 17 மாதங்களுக்கு C படிவத்தில் அவருடைய பெயர் இல்லை. மீதி நான்கு மாதங்களில் பெயர் இருக்கிறது, அங்கத்துவ இலக்கம் வேறு. அந்த நான்கு மாதப் பணம் இன்னொருவரின் கணக்கில் கிடக்கிறது.

இந்தத் தாள்களால் பணம் வந்துவிடவில்லை. தகவல் சட்டம் தகவலைத்தான் தரும். ஆனால் இப்போது விடயம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 17 மாதங்களுக்குத் தோட்டத்தின் மீது அறவீடு, நான்கு மாதங்களுக்கு இலக்கத் திருத்தம். முன்னையதற்கு வழக்குத் தாக்கல் செய்யும்படி கேட்டு, அந்த மூன்று தாள்களின் பிரதியோடு, முழங்கால் நோவு உட்பட மூன்று பக்க மனுவின் சாரத்தையும் சேர்த்துத் தொழில் ஆணையாளருக்கு முறைப்பாடு போயிருக்கிறது. பின்னையதற்குச் சத்தியக் கடதாசி தயாராகிறது. RTI 01, RTI 10 படிவங்களின் தமிழ்ப் பிரதிகள் எமது கிளை அலுவலகத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் சம்பளத் துண்டையும் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டையும் மறக்காமல் எடுத்து வரவும்.